'பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை' என்று சொன்னால் போதுமா? வேலைநீக்கத்துக்கு முன் ஃபைலில் என்ன இருக்க வேண்டும்?

ஒருவரை வேலையிலிருந்து அனுப்பும்போது நிறுவனங்கள் அதிகம் சொல்லும் காரணம், 'பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை'. பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். டீம் லீட் பத்து தடவை சொல்லியிருப்பார், வாடிக்கையாளர் புகார் செய்திருப்பார், பக்கத்து சீட்டில் இருப்பவர் அந்த வேலையையும் சேர்த்து இழுத்திருப்பார். ஆனால், விவகாரம் தொழிலாளர் துறை வரை போகும்போது அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, "இதெல்லாம் எழுத்துல எங்க இருக்கு?" என்பதுதான்.

அப்போது ஃபைலைத் திறந்தால் உள்ளே இருப்பது ஆஃபர் லெட்டர், ஆதார் நகல், போன வருட அப்ரைசல். அந்த அப்ரைசலில் 'எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்கிறார்' என்று எழுதி, சம்பள உயர்வும் கொடுத்திருப்பார்கள். வாயால் பத்து முறை சொன்னதற்கு சாட்சி இல்லை. எழுத்தில் இருக்கும் ஒரே சாட்சி ஊழியருக்குச் சாதகமாக நிற்கிறது.

முதல்முறை டீம் லீட் ஆனவர்களுக்கும், 'உங்களுக்கு ஒரு வார்னிங் மெயில் வந்திருக்கு' என்ற செய்தியைப் பார்த்து பதறுபவர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம் ஒன்றுதான். குறை நடந்தபோதே எழுதப்பட்டு, ஊழியரிடம் காட்டப்பட்டு, அவர் சொன்ன பதிலும் சேர்க்கப்பட்டால்தான் அது பதிவு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் பேப்பர்.

சட்டம் என்ன கேட்கிறது?

தமிழ்நாட்டில் கடைகள், தனியார் அலுவலகங்களுக்குப் பொருந்துவது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதன் 41-வது பிரிவுதான் இங்கே முக்கியம். தொடர்ந்து 6 மாதம் வேலை செய்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸோ, அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளமோ தர வேண்டும். நீக்கப்பட்டவர் 'நியாயமான காரணம் இல்லை' என்று சொல்லி, தொழிலாளர் துறையில் இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். நீக்க உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து 30 நாட்களுக்குள் செய்துவிட வேண்டும்.

இதே பிரிவில் இரண்டாவது வழி ஒன்றும் இருக்கிறது. ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டி நீக்கினால் ஒரு மாத நோட்டீஸ் தேவையில்லை. ஆனால் முறையான விசாரணை நடத்தி, சாட்சியங்களைப் பதிவு செய்து, அதில் குற்றம் உறுதியாகியிருக்க வேண்டும்.

பல நிறுவனங்கள் சறுக்குவது இந்த இரண்டு வழிகளையும் போட்டுக் குழப்புவதில்தான். வேலையை முயன்றும் சரியாகச் செய்ய முடியவில்லை என்பது ஒன்று. செய்யத் தெரிந்தும் வேண்டுமென்றே செய்யாமல் இருப்பது, பொய்க் கணக்கு எழுதுவது என்பது வேறு. முதலாவது திறன் சார்ந்த குறை, இரண்டாவது ஒழுங்கீனம். திறன் குறைக்காக அனுப்பும் கடிதத்தில் கோபத்தோடு கோபமாக 'திட்டமிட்ட அலட்சியம்', 'நேர்மையின்மை' என்று நாலு வார்த்தை சேர்த்துவிட்டால், அது குற்றச்சாட்டாக மாறிவிடும். 'அப்படியென்றால் விசாரணை எங்கே?' என்ற கேள்வியும் வந்துவிடும்.

இந்தச் சட்டத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் இதன் பாதுகாப்பில் வருவதில்லை. விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று போட்டிருப்பதால் மட்டும் ஒருவர் நிர்வாகப் பொறுப்பில் இருப்பதாக ஆகிவிடாது. அவர் உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதுதான் பார்க்கப்படும்.

ஒரு உதாரணம்: 40 பில்களும் ஒரு பில்லிங் ஊழியரும்

சென்னையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பில்லிங் பிரிவில் ஓர் ஊழியர், சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதிக்குள் முந்தைய மாதத்துக்கான 40 பில்களை வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப வேண்டும். தப்பு இருந்தால் பில் திரும்பி வரும், பணம் வருவதும் தள்ளிப்போகும்.

மே மாத பில்களில் 6 திரும்பி வருகின்றன. இப்போது டீம் லீட் இரண்டு விதமாக எழுதலாம். முதல் விதம்: "வேலையில் கவனம் இல்லை. பொறுப்பாக நடந்துகொள்வதில்லை. பலமுறை சொல்லியும் மாற்றம் இல்லை." இதைப் படிப்பவருக்குத் தெரிய வருவது டீம் லீடின் கோபம் மட்டும்தான். எந்த வேலை, எத்தனை தப்பு, எப்போது சொன்னார் என்று எதுவுமே இல்லை.

இரண்டாவது விதம் இது:

"ஜூன் 10. மே மாத பில்கள் 40-ல் 6 திரும்பின. 4-ல் ஜிஎஸ்டி எண் தவறு, 2-ல் தொகை தவறு. இன்று மாலை 4 மணிக்கு நேரில் பேசினோம். வாடிக்கையாளர் பட்டியல் பழையது, புது எண்களை சேல்ஸ் பிரிவு தரவில்லை என்று ஊழியர் சொன்னார். அதைச் சரிபார்க்க வேண்டியது என் பொறுப்பு. தொகை விஷயத்தில், அனுப்பும் முன் டிரிப் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டார். மறுபடி பார்க்கும் தேதி ஜூலை 10."

இதில் அடைமொழிகள் கிடையாது. தேதி, எண்ணிக்கை, தப்பின் வகை, ஊழியரின் விளக்கம், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கிறது. எழுதிய அன்றே ஊழியரின் அலுவலக மெயிலுக்கும் இது போகிறது. 'விடுபட்டது ஏதாவது இருந்தால் பதில் போடுங்கள்' என்று கடைசியில் ஒரு வரி.

டீம் லீட் சொன்னபடி சரிபார்க்கிறார். ஜிஎஸ்டி எண் தவறாக இருந்த 4 பில்களில் 3 உண்மையிலேயே பழைய பட்டியலால் வந்தவை. அதையும் எழுதி வைக்கிறார். ஆக, மே மாதத்தில் ஊழியர் கணக்கில் நிற்பது 6 அல்ல, 3. 'இதை எழுதினா நம்ம கேஸ் வீக் ஆகிடாதா?' என்று தோன்றலாம். நடப்பது வேறு. ஊழியரின் விளக்கத்தைச் சரிபார்த்து, நியாயமானதைக் கழித்த பதிவைத்தான் மூன்றாம் நபர் நம்புவார். எல்லா தப்பும் ஒருவர் தலையிலேயே விழும் ஃபைல்தான் சந்தேகத்தைக் கிளப்பும்.

பட்டியல் புதுப்பிக்கப்படுகிறது. ஜூலை 10 அன்று பார்த்தால் ஜூன் மாத பில்களில் 5 திரும்பியிருக்கின்றன. ஐந்திலும் ஒரே தப்பு: லாரி காத்திருந்ததற்கான ஹால்டிங் சார்ஜ் விட்டுப்போயிருக்கிறது. இப்போது தப்பு எங்கே என்பது தெளிவாகத் தெரிகிறது. ஊழியருக்கு இரண்டு அரை நாள் பயிற்சி கொடுத்து, பில் அனுப்பும் முன் டிக் செய்ய ஐந்து வரிப் பட்டியல் ஒன்றும் தருகிறார்கள். யார் பயிற்சி கொடுத்தார், எந்தத் தேதி என்பதும் பதிவாகிறது. ஆகஸ்ட் 10-ல் ஜூலை மாத பில்களில் 4 திரும்புகின்றன, அதே ஹால்டிங் சார்ஜ். ஆகஸ்ட் 12-ல் முதல் வார்னிங் லெட்டர் போகிறது.

பி.ஐ.பி: அனுப்பும் முன் ஒரு சடங்கா?

வார்னிங் லெட்டரோடு 60 நாள் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றும் தரப்படுகிறது. ஐடி வட்டாரத்தில் பி.ஐ.பி என்றாலே 'டிக்கெட் போட்டாச்சு' என்று அர்த்தம் ஆகிவிட்டது. பல இடங்களில் அது உண்மையும்கூட. ஒரு பி.ஐ.பி நிஜமானதா, சடங்கா என்பதை மூன்று இடங்களில் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், இலக்கு. நம் உதாரணத்தில் இலக்கு 'மாதம் அதிகபட்சம் ஒரு பில்தான் திரும்பலாம்' என்பது. இது எட்ட முடிந்த இலக்கா? அதே 40 பில் போடும் இன்னொரு ஊழியருக்கு மாதம் ஒன்றுக்கு மேல் திரும்புவதில்லை என்றால், ஆம். அவருக்கும் நாலு திரும்பி, அவருக்கு ஒரு மெமோகூட போகவில்லை என்றால் இந்த ஃபைல் அங்கேயே உடைந்துவிடும். 'ஒரே தப்பு, எனக்கு மட்டும் ஏன்?' என்ற கேள்விக்கு நிறுவனத்திடம் பதில் இருக்காது.

இரண்டாவது, காலம். பில் வேலை மாதம் ஒருமுறை நடப்பது. 15 நாள் அவகாசம் கொடுத்தால் ஊழியர் தன்னை நிரூபிக்க ஒரு பில் சுற்றுகூடக் கிடைக்காது. 60 நாளில் இரண்டு சுற்று வரும். அவகாசத்தை முடிவு செய்யும்போது பார்க்க வேண்டியது காலண்டரை அல்ல, அந்த வேலை எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை.

மூன்றாவது, நிறுவனம் தன் பங்கைச் செய்ததா? வாரம்தோறும் திங்கட்கிழமை 15 நிமிடம் பேசுவதாக டீம் லீட் எழுதிக் கொடுத்திருக்கிறார். எட்டு சந்திப்புகளில் இரண்டு, அவர் லீவில் போனதால் நடக்கவில்லை. அதை மறைக்காமல் எழுதி, அந்த வாரமே வேறு நாளில் பேசி முடிக்கிறார். பி.ஐ.பி கொடுத்துவிட்டு 60 நாள் திரும்பியே பார்க்காமல், 61-வது நாள் ரிசல்ட் கேட்டால் அது வாய்ப்பு அல்ல.

கெடுப்பது அந்த ஒரு 'த்ரீ'

செப்டம்பர் கடைசியில் அரையாண்டு அப்ரைசல் வருகிறது. ஃபைல்கள் அதிகம் கெட்டுப்போகும் இடம் இதுதான். 'பாவம், வீட்டு லோன் இருக்கு', 'இப்ப எதுக்கு வம்பு' என்று யோசித்து, டீம் லீட் ஐந்துக்கு மூன்று போட்டுவிடுவார். மூன்று என்றால் அந்த நிறுவனத்தின் அளவுகோலில் 'எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்கிறார்'. நான்கு மாத மெமோக்கள் ஒன்று சொல்ல, நிறுவனமே கையெழுத்துப் போட்ட அப்ரைசல் வேறு சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்றால், எது பொய் என்று நிறுவனத்தால் சொல்லவே முடியாது.

இது நிறுவனத்துக்கு மட்டும் பாதிப்பு என்று நினைக்க வேண்டாம். அந்த 'த்ரீ'யைப் பார்த்த ஊழியர், 'சரி, பிரச்சினை தீர்ந்தது போல' என்று நம்பிவிடுவார். திருத்திக்கொள்ளக் கடைசியாக இருந்த நாட்களும் அந்த நம்பிக்கையிலேயே போய்விடும். தயவாகத் தெரியும் அந்த மதிப்பெண், உண்மையில் அவரிடமிருந்து எச்சரிக்கையைப் பறித்துக்கொள்கிறது.

அதற்காக எல்லாவற்றிலும் குறைத்துப் போட வேண்டும் என்பதில்லை. நேரத்துக்கு வருகிறார், வாடிக்கையாளரிடம் நன்றாகப் பேசுகிறார் என்றால் அதற்கு உரியதைக் கொடுத்து, பில் துல்லியத்துக்கு மட்டும் உள்ளதை எழுதினால் போதும்.

காட்டாத குறிப்பு கணக்கில் வராது

ரகசியக் குறிப்பு பற்றி அரசு ஊழியர் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பேசியிருக்கிறது. எல்லைப்புறச் சாலைகள் அமைப்பில் பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவருக்கு 1993-94 ரகசியக் குறிப்பில் 'நன்று' என்று எழுதப்பட்டிருந்தது. பதவி உயர்வுக்குத் தேவையோ 'மிக நன்று'. திட்டுவது போல எதுவும் எழுதப்படவில்லைதான், ஆனால் அந்த ஒரு சொல்லால் அவர் பதவி உயர்வை இழந்தார். அப்படி எழுதியிருப்பதே அவருக்குச் சொல்லப்படவில்லை. 2008-ல் தீர்ப்பளித்த நீதிமன்றம், நல்லதோ கெட்டதோ, ஒவ்வொரு மதிப்பீட்டையும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிந்தால்தான் அவர் திருத்திக்கொள்ளவோ, ஆட்சேபிக்கவோ முடியும்.

அதற்கு வெகுகாலம் முன்பே, 1960-களில், மைசூர் அரசு எதிர் மஞ்சே கவுடா வழக்கிலும் இதே பாதையில் ஒரு தீர்ப்பு வந்தது. பழைய தவறுகளையும் சேர்த்துத் தண்டனையை முடிவு செய்யலாம், ஆனால் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி, பதில் கேட்டிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

இரண்டுமே அரசு ஊழியர்கள் தொடர்பானவை. தனியார் நிறுவனங்களை இவை அப்படியே கட்டுப்படுத்தாது. ஆனால் அவற்றின் தர்க்கம் எங்கும் செல்லும். ஹெச்.ஆர் லேப்டாப்பில் மட்டும் இருக்கும் எக்ஸெல் ஷீட்டை, ஒருவர் போன பிறகு எடுத்து நீட்டினால், 'இதை அவரிடம் எப்போது காட்டினீர்கள்?' என்ற ஒற்றைக் கேள்வியில் அது செத்துவிடும்.

அவசரமாகத் தயாரிக்கப்பட்ட ஃபைலையும் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இரண்டு வருடம் ஒரு காகிதமும் இல்லாமல், கடைசி மூன்று வாரத்தில் ஆறு மெமோக்கள் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே வாசகம். ஊழியர் ஓவர்டைம் சம்பளம் கேட்டதற்கோ, மகப்பேறு விடுப்புக்கு விண்ணப்பித்ததற்கோ அடுத்த வாரம் முதல் மெமோ பிறந்திருக்கும். பின்தேதி போட்டு எழுதினால், மெயில் சர்வரில் உள்ள நேரம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசிக் கடிதம்

நம் உதாரணத்துக்கு வருவோம். செப்டம்பர் 10-ல் 3 பில், அக்டோபர் 10-ல் 4 பில் திரும்புகின்றன. முன்னேற்றம் இல்லை. அக்டோபர் 14-ல் நிறுவனம் ஒரு கடிதம் கொடுக்கிறது. ஜூன் 10 முதல் நடந்த ஒவ்வொரு தேதியும் அதில் இருக்கிறது. 'இந்த அடிப்படையில் உங்கள் பணியை முடித்துக்கொள்ள யோசிக்கிறோம். 7 நாளில் உங்கள் பதிலைத் தாருங்கள்' என்கிறது. பதில் வந்த பிறகு, பில் போடும் பொறுப்பு இல்லாத வேறு இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லை என்பதையும் எழுதி, அக்டோபர் 24-ல் ஒரு மாத நோட்டீஸோடு உத்தரவு தருகிறார்கள்.

அந்த உத்தரவில் 'நேர்மையற்றவர்' என்ற வார்த்தை இல்லை, 'தகுதியே இல்லாதவர்' என்ற தீர்ப்பும் இல்லை. 'இந்தப் பணியில் தேவைப்படும் துல்லியம், இந்தத் தேதிகளில் கொடுத்த வாய்ப்புகளுக்குப் பிறகும் எட்டப்படவில்லை' என்பது மட்டும்தான். அடுத்த நிறுவனத்தில் இன்டர்வியூவுக்குப் போகும் ஒருவரைத் துரத்தாத கடிதம் அது.

மெமோ வந்தால் நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

கையெழுத்துப் போட மாட்டேன் என்று மறுப்பதுதான் பலரின் முதல் எதிர்வினை. அதனால் பலன் இல்லை. நிறுவனம் அதையே மெயிலில் அனுப்பி, 'வாங்க மறுத்தார்' என்று சாட்சியோடு குறித்துக்கொள்ளும். அதைவிட, 'பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, நகல் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

அடுத்து, பதில். இரண்டொரு நாளில், கோபம் தணிந்த பிறகு, மெயிலில் எழுதுங்கள். மெமோ எப்படி தேதியும் எண்ணிக்கையுமாக இருக்க வேண்டுமோ, பதிலும் அப்படியே இருக்க வேண்டும். 'வேணும்னே பண்றாங்க' என்பதைவிட, 'திரும்பிய 6 பில்களில் 3-ன் ஜிஎஸ்டி எண் சேல்ஸ் பட்டியலிலேயே தவறு' என்ற வரிக்கு எடை அதிகம். ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டு, என்ன உதவி தேவை என்று கேளுங்கள். கேட்ட பயிற்சி கிடைக்கவில்லை என்றால், நீங்கள் கேட்டதற்கு அந்த மெயிலே ஆதாரம்.

டீம் லீட் வாட்ஸ்அப்பிலோ கேன்டீனிலோ எச்சரித்தால், அன்று மாலையே 'இன்று நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன்' என்று ஒரு மெயில் போடலாம். உங்கள் அப்ரைசல்களின் நகலை ஒவ்வொரு வருடமும் கேட்டு வாங்குங்கள். வேலை போன நாளில் முதலில் முடங்குவது அலுவலக மெயில்தான்.

டீம் லீட்களுக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பில்லிங் ஊழியர் ஜூலை பயிற்சிக்குப் பிறகு திருந்தியிருந்தால், அந்த ஃபைல் இரண்டு குறிப்புகளோடு மூடப்பட்டு, யாருக்கும் தேவைப்படாமல் போயிருக்கும். நியாயமாக எழுதும் பதிவுகளில் பெரும்பாலானவை அப்படித்தான் முடிய வேண்டும். ஒருவரை அனுப்புவதென்று முதலிலேயே முடிவெடுத்துவிட்டு, அதற்காகக் காகிதம் சேர்க்கத் தொடங்கினால், அந்தக் காகிதங்களைத் தேதி வரிசையில் படிக்கும் எவருக்கும் அது தெரிந்துவிடும்.